தண்ணி கம்மியா? சைபானிக் டாய்லெட் வேண்டாமே!

கணியம்பாடியில் வீடு கட்டுபவர் வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கப் போனால், 'வாஷ் டவுனா, சைபானிக்கா?' என்ற கேள்வி வரலாம். என் ஓட்டு வாஷ் டவுனுக்குத்தான்.

வாஷ் டவுனில் மேலிருந்து விழும் தண்ணீரே கழிவைத் தள்ளிவிடும். வெளியேறும் வழியும் அகலம். சைபானிக்கில் அந்த வழி குறுகலா, பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். அது முழுசா தண்ணீரால் நிரம்பினால்தான் உறிஞ்சவே ஆரம்பிக்கும். டியூப் போட்டு பெட்ரோல் எடுக்கிற அதே டெக்னிக்!

6 லிட்டர் ஒரே மூச்சில் விழுந்தால் இரண்டுமே சுத்தமாகிடும். டேங்க் காலி, கொஞ்சம் தண்ணியைச் சாய்க்கிறோம்னு வைங்க. வாஷ் டவுனில் பெரும்பாலும் போய்விடும். சைபானிக்கில் வழி நிரம்பாததால் தண்ணீர் மட்டும் வழிந்தோட, கழிவு அங்கேயே சுத்தும். கடைசியில் 'களக்' சத்தம் வரலைன்னா உறிஞ்சல் நடக்கலைன்னு அர்த்தம். மறுபடி ஃபிளஷ் செய்தால் மிச்சம் பிடித்ததும் போச்சு. 1994-ல் அமெரிக்கா புது டாய்லெட்டுகளுக்கு 6 லிட்டர் வரம்பு கொண்டுவந்தபோது, அங்கே பரவலாக இருந்த சைபானிக் வகையின் ஆரம்ப மாடல்களில் இந்தப் புலம்பல்தான்.

வாஷ் டவுனிலும் குறை உண்டு. தண்ணீர் நிற்கும் பரப்பு சின்னது, கறை ஒட்டும், பிரஷ் தேவை. ஆனா நம்ம கிராமத்து ரூரல் பேன் 2 லிட்டரில் சமாளிப்பதும் இதே தள்ளும் முறையில்தான்: 25 முதல் 28 டிகிரி சரிவு, வெறும் 20 மி.மீ. நீர் அடைப்பு.