'யாரு ஃப்ரீ?' - சப்ஸ்டிடியூஷன் நோட்டில் ஏன் எப்பவும் அதே பெயர்கள்?

காலை 9.10. பிரேயர் பெல் அடிக்க இன்னும் 10 நிமிடம்தான். உதவித் தலைமை ஆசிரியரின் போனில் மூன்றாவது மெசேஜ் வந்து விழுகிறது: 'சார், பையனுக்குக் காய்ச்சல். இன்னைக்கு சி.எல்.'

ஒரு கையில் டைம்டேபிள், மறு கையில் சப்ஸ்டிடியூஷன் நோட்டு. முதல் பீரியடில் யார் ஃப்ரீ என்று விரல் ஓடுகிறது. பி.இ.டி. டீச்சர், டிராயிங் சார், தையல் டீச்சர். மூன்று பெயரையும் எழுதியாகிவிட்டது. நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போடும் பி.இ.டி. டீச்சருக்கு முந்தைய பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. நேற்றும் அவர்தான்.

இதில் உதவி ஹெச்.எம்முக்கு யார் மீதும் தனிப்பட்ட கோபம் கிடையாது. 'யாரு ஃப்ரீ?' என்ற கேள்விதான் பிரச்னை. அதைக் கேட்டால் எந்தப் பள்ளியிலும் அதே நான்கைந்து பெயர்கள்தான் பதிலாக வரும். காரணம் டைம்டேபிளுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு வீதம் 10 பிரிவுகள். நாளுக்கு 8 பீரியட், வாரத்தில் 5 நாள். ஹெச்.எம். தவிர 15 ஆசிரியர்கள். பாட ஆசிரியர்கள் 12 பேருக்கும் வாரத்துக்கு 29 பீரியட். பி.இ.டி. டீச்சருக்கு 18, டிராயிங்குக்கும் தையலுக்கும் தலா 17.

வாரத்தின் 40 பீரியடில் பாட ஆசிரியருக்கு 11 ஃப்ரீ. மற்ற மூவருக்கு 22, 23. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலும் இந்த மூவர் மேல் விழுவதற்கு இரண்டு மடங்கு வாய்ப்பு.

இன்னொரு சிக்கல் முதல் பீரியடில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அது கிளாஸ் டீச்சருக்கு உரியது. வருகைப் பதிவேடு அவரிடம்தானே இருக்கும்? ஆக, 10 கிளாஸ் டீச்சர்களும் 10 வகுப்புகளுக்குள் போய்விட்டால், வெளியே மிஞ்சுவது கிளாஸ் டீச்சராக இல்லாத 5 பேர். வாரத்தின் ஐந்து நாளும் அதே 5 பேர். எந்த கிளாஸ் டீச்சர் லீவு போட்டாலும் முதல் பீரியட் இவர்கள் தலையில்தான். இதை எந்த நல்ல மனசாலும் மாற்ற முடியாது.

மாற்ற முடிவது அதற்குப் பிறகு வரும் 7 பீரியடைத்தான். பல பள்ளிகளில் தவறு நடப்பதும் இங்கேதான். பிரேயருக்கு முந்தைய பரபரப்பிலேயே எட்டு பீரியடுக்கும் பெயர் எழுதி முடித்துவிடுகிறார்கள். அவசரத்தில் கண்ணில் படுவது முதல் பீரியடுக்கு எழுதிய அதே பெயர்கள். உண்மையில் பெல்லுக்கு முன் தேவைப்படுவது முதல் பீரியடுக்கான ஏற்பாடு மட்டுமே. மீதியை முதல் பீரியட் நடக்கும்போது நிதானமாக உட்கார்ந்து எழுதலாம்.

எப்படி எழுதுவது? அந்தத் திங்கட்கிழமையையே பார்ப்போம். மூன்று கிளாஸ் டீச்சர்கள் லீவு. அன்றைக்கு அவர்களுக்கு 6, 5, 5 என மொத்தம் 16 பீரியட். வந்திருப்பவர்கள் 12 பேர். 16ஐ 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று, நான்கு பேருக்கு மட்டும் இரண்டு. கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்றைக்கு ஏற்கெனவே 7 பீரியட் உள்ள சயின்ஸ் டீச்சருக்கு ஒன்று கொடுத்தாலும் எட்டும் நிரம்பிவிடும். தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது.

அதனால், சமமாகப் பிரிப்பதற்குப் பதில் இரண்டு வரம்புகளை வைத்துக்கொள்ளலாம். சொந்த வகுப்பும் சப்ஸ்டிடியூஷனும் சேர்ந்து யாருக்கும் 7ஐத் தாண்டக் கூடாது. சப்ஸ்டிடியூஷன் மட்டும் யாருக்கும் நாளுக்கு 2ஐத் தாண்டக் கூடாது. முதல் வரம்பு சயின்ஸ் டீச்சரைக் காப்பாற்றும். இரண்டாவது வரம்பு பி.இ.டி. டீச்சரை. அன்றைக்கு அவருக்கு டைம்டேபிளில் 3 பீரியட்தான் என்பதற்காக 4 சப்ஸ்டிடியூஷன் கொடுத்தால், முதல் வரம்பின்படி அது சரிதான். ஆனால், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், கோ-கோ டீமின் பேப்பர் வேலையும் டைம்டேபிளில் இருக்காது. அவருடைய 'ஃப்ரீ'யை முழுக்க எடுத்துக்கொண்டால், அடுத்ததாகக் காணாமல்போவது பிள்ளைகளின் விளையாட்டு.

ஒரே பீரியடுக்கு இரண்டு பேர் ஃப்ரீ என்றால்? அந்த வகுப்புக்கே பாடம் எடுப்பவர் இருந்தால் அவருக்கு முதல் உரிமை. ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவின் கணக்கு பீரியடில் அதே வகுப்பின் சோஷியல் டீச்சர் போனால், தன் பாடத்தை நடத்தலாம். புது ஆள் போனால், 'சத்தம் போடாம எழுதுங்க'தான். அப்படி யாரும் இல்லையென்றால், இந்த மாதக் கணக்கில் யாருக்குக் குறைவோ அவர்.

அந்தக் கணக்குக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 15 பெயர்கள், ஒவ்வொரு முறையும் பெயருக்கு நேரே ஒரு கோடு. முதல் பீரியட் கோடுகளைத் தனி வரிசையில் போடுவது முக்கியம். அங்கே போட்டி 5 பேருக்குள் மட்டும்தான். முதல் பீரியட் போனவருக்கு அன்றைக்கு இன்னொன்று கொடுக்கும் முன், மற்ற எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிடலாம். பழைய நோட்டில் ஒரு மாதப் பக்கங்களை எடுத்து இப்படிக் கோடு போட்டுப் பாருங்கள். சிலருக்கு நேரே வேலி கட்டியதுபோல் கோடுகள் நிற்கும். சிலருக்கு நேரே ஒன்றிரண்டு. 'மேடம் எதுவும் சொல்ல மாட்டாங்க' என்று பெயர் வாங்கியவர் யார் என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே தெரிந்த லீவுக்கு சப்ஸ்டிடியூஷனே தேவையில்லை. புதன்கிழமை கணக்கு சாருக்குப் பயிற்சி வகுப்பு. அன்று மூன்றாம் பீரியட் 9 'ஏ'வில் அவர் வகுப்பு. சோஷியல் டீச்சர் அப்போது ஃப்ரீ. செவ்வாய் ஐந்தாம் பீரியட் அதே 9 'ஏ'வில் சோஷியல். கணக்கு சார் அப்போது ஃப்ரீ. இரண்டையும் மாற்றிக்கொண்டால் யாருக்கும் ஒரு பீரியடுகூட அதிகமாகாது, பாடமும் நிற்காது. முதல் நாள் மதியமே கேட்டால்தான் இது நடக்கும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. இந்தப் பள்ளியில் 3 பேர் லீவு என்றால், வகுப்புகளை நிரப்பிய பிறகு 12 பேருக்குள் 16 ஃப்ரீ பீரியட் மிஞ்சும். நான்காவது ஆளும் வரவில்லையென்றால் 11 பேருக்கு வெறும் 8. அதாவது, குறைந்தது மூன்று பேருக்கு எட்டு பீரியடும் நிறைந்துவிடும். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அன்றைக்கு நோட்டு உதவாது. ஹெச்.எம். இரண்டொரு வகுப்புக்குப் போக வேண்டும், அல்லது 7 'ஏ'வையும் 'பி'யையும் ஹாலில் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். அந்த முடிவை முதல் பீரியடிலேயே எடுப்பது நல்லது. இல்லையென்றால், மதியம் ஆறாம் வகுப்பில் யாரும் இல்லை என்று வகுப்புத் தலைவி ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

நீண்ட விடுப்பு வேறு கதை. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து 12 மாதம். அந்த 29 பீரியடைத் தினமும் காலையில் நோட்டில் பங்கு போடுவது தப்புக்கணக்கு. தற்காலிக ஆசிரியர் வரும்வரை அந்தப் பாடம் தெரிந்தவர்களுக்குப் பிரித்து, டைம்டேபிளையே திருத்தி எழுத வேண்டும். அதில் யாருக்கு எவ்வளவு கூடியது என்பது ஸ்டாஃப் ரூம் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும். நோட்டில் கரையும் பீரியடுகள் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.