மைனஸில் முடிந்த சூளைக் கணக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறைக்குப் புதுச் சூளை வாங்கலாமா என்று திட்ட அறிக்கை எழுதும் மாணவர், விடை மைனஸில் வந்ததால் தன் அறிக்கையே தோற்றுவிட்டது என்று கலங்கி எழுதியிருந்தார். அவருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இது. பட்டறை நடத்துகிறவர்களுக்கும் இதே சந்தேகம் வருவதால் இங்கே தருகிறேன்.

அன்புள்ள தம்பி,

உன் கணக்கை வரி வரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. கேஸ் சூளையின் விலை 20 லட்சம். எரிபொருள் செலவும் வேக்காட்டில் விரிசல் விட்டுப்போகும் ஃபியூஸ் கட்டைகளும் குறைவதால் ஆண்டுக்கு 5 லட்சம் மிச்சம். ஐந்து ஆண்டில் 25 லட்சம் வரும்போது நிகர நிகழ்கால மதிப்பு எப்படி மைனஸ் 1.98 லட்சம் ஆகும் என்பதுதான் உன் கேள்வி.

முழுத்தொகையும் 12 சதவீத வட்டிக்கு வங்கிக் கடன் என்று வைத்துக்கொள். முதல் ஆண்டு முடிவில் கடன் 22.4 லட்சம். மிச்சமான 5 லட்சத்தைக் கட்டினால் பாக்கி 17.4 லட்சம். இப்படியே வட்டியைக் கூட்டி, 5 லட்சத்தைக் கழித்துக்கொண்டே போ. ஐந்தாம் ஆண்டு தவணையைக் கட்டிய பிறகும் சுமார் 3.48 லட்சம் கடன் நிற்கும். அந்தப் பாக்கியின் இன்றைய மதிப்புதான் உன் 1.98 லட்சம்.

சூளை பணத்தைத் தின்றுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. அது ஏறக்குறைய 8 சதவீதம் ஈட்டுகிறது. நீ கேட்டது 12. கடன் வாங்காமல் கைப்பணம் போட்டாலும், அந்தப் பணம் வேறிடத்தில் 12 சதவீதம் தரக்கூடியதாக இருந்தால் விடை இதேதான்.

ஓர் இடத்தை மட்டும் திருத்தலாம். வங்கி வட்டியில் விலைவாசி ஏற்றமும் அடங்கியிருக்கிறது. நீயோ ஐந்து ஆண்டுக்கும் மிச்சத்தை இன்றைய எரிபொருள் விலையிலேயே வைத்திருக்கிறாய். அதை இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். குறை சுமார் 30 ஆயிரமாகச் சுருங்குகிறது, ஆனாலும் மைனஸ்தான். விடை பிளஸ் ஆகட்டும் என்று சூளையின் ஆயுளை ஏழாண்டு ஆக்கிவிடாதே. ஐந்தாண்டு கழித்து உட்சுவர்ச் செங்கல்லை மாற்ற என்ன செலவாகும் என்று பட்டறையில் கேட்டு, அதையும் கழித்த பிறகே ஆயுளை நீட்டு.

அந்த உரிமையாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. 20 லட்சம் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல உன் அறிக்கையால் முடிகிறது. எந்த விலைக்குப் பேசலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது: மிச்சம் ஏறாது என்று வைத்தால் 18 லட்சம், எரிபொருள் விலையோடு ஏறும் என்றால் 19.7 லட்சம். இந்த இரண்டு எண்களையும் முதல் பக்கத்தில் எழுது.