திரும்பி வந்த காசோலைக்கு யார் காசு கட்டுவது?

ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குச் சேவைக்காலப் பணம் 300,000 ரூபா காசோலையாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை வங்கியில் போடுகிறார். நிர்வாகத்தின் கணக்கில் போதிய பணம் இல்லாததால் காசோலை திரும்பி வருகிறது.

நிர்வாகத்திடம் அதன் வங்கி கட்டணம் அறவிடும். தொழிலாளியின் வங்கியும் அவர் சேமிப்பில் கட்டணம் கழிக்கலாம். தொகை வங்கிக்கு வங்கி மாறும். அது 500 ரூபா என்றால், புத்தகத்தில் இருந்த 2,000 ரூபா 1,500 ஆகிவிடும். அதே காசோலையை மறுபடி போட்டு, அதுவும் திரும்பினால் இன்னொரு 500 போகும். தவறு யாருடையது என்று வங்கி பார்ப்பதில்லை.

சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் நிர்வாகம் மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டும். பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம்.

ஆகவே, வங்கி கழித்த காசையும் நிர்வாகமே தரவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. திரும்பிய காசோலையையும் வங்கி தந்த துண்டையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். புத்தகத்தில் கழித்த வரியையும் பிரதி எடுத்து, தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள்.