கேபிளைக் குறை சொல்லும் முன்

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பில் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி இல்லை. எச்பி ரிவர்ப் ஜி2, சாம்சங் ஒடிசி போன்ற ஹெட்செட்டுகள் நம்பியிருந்த ரன்டைம் அதுதான். நேற்றுவரை ஓடிய ஹெட்செட்டை அப்டேட்டுக்குப் பிறகு எந்த விளையாட்டும் கண்டுகொள்ளாது. திரையில் வரும் செய்தியோ கேபிள் கழன்றிருந்தாலும் வரக்கூடிய அதே செய்தி. ஸ்டீம்விஆரில் அதன் எண் 108, ஹெட்செட் கிடைக்கவில்லை என்று பொருள். பழுது பார்ப்பவரின் கை உடனே கேபிளுக்குப் போவது இதனால்தான்.

விளையாட்டு ஹெட்செட்டை நேரடியாகத் தேடுவதில்லை. ஓபன்எக்ஸ்ஆர் வழியில் எழுதப்பட்ட விளையாட்டு முதலில் லோடரைக் கேட்கிறது. லோடர் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து, அங்கே குறித்திருக்கும் JSON கோப்பைத் திறந்து, அது சொல்லும் ரன்டைமை ஏற்றுகிறது. அந்த ரன்டைம் டிரைவரிடம் கேட்ட பிறகே விசாரணை யுஎஸ்பிக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் வந்து சேர்கிறது. இதில் எந்தப் படி அறுந்தாலும் விளையாட்டுக்குத் தெரிவது ஹெட்செட் இல்லை என்பது மட்டுமே. ஆகவே சோதனையை மேலிருந்து தொடங்குவதே சிக்கனம். அதற்கு எந்த உதிரி பாகமும் வேண்டாம்.

பாலக்கோட்டில் ஒரு சிறு விளையாட்டு மையத்தில் ரிவர்ப் ஜி2 இருப்பதாகக் கொள்ளலாம். முதலில் இரண்டு கட்டளைகள்:

```
winver
reg query "HKLM\SOFTWARE\Khronos\OpenXR\1" /v ActiveRuntime
```

முதல் கட்டளை 24H2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதோடு இரண்டாவது காட்டும் பாதையும் `MixedRealityRuntime.json` என்று முடிந்தால், இல்லாத ரன்டைமின் வாசலில்தான் விளையாட்டு இன்னும் காத்து நிற்கிறது. பாதை வேறொரு ஹெட்செட்டின் மென்பொருளைச் சுட்டுவதும் உண்டு. மெட்டா குவெஸ்டை ஒருமுறை இணைத்துப் பார்த்த கணினியில் இது சகஜம்; அப்போது ஸ்டீம்விஆர் அமைப்புகளில் ஓபன்எக்ஸ்ஆர் பகுதிக்குப் போய் ஸ்டீம்விஆரையே ரன்டைமாக வைத்தால் 23H2-வில் பெரும்பாலும் போதும்.

பதிப்பு 23H2-ஆகவே இருந்து, ரன்டைமும் சரியாக இருந்தால்தான் கேபிளின் முறை. ஜி2-வின் கேபிள் 6 மீட்டர் நீளம். அதன் கணினி முனையில் டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி, 12 வோல்ட் மின்சாரம் என மூன்றும் பிரிகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் மதர்போர்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஹெட்செட்டின் ஒலிக்கருவி தெரிந்து படம் மட்டும் வராவிட்டால் சந்தேகம் டிஸ்ப்ளேபோர்ட்டின் மேல் விழும். எதுவுமே தெரியாவிட்டால் மின் அடாப்டரையும் யுஎஸ்பியையும் பார்க்க வேண்டும். கணினியின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். செருகியதும் தெரிந்து சிறிது நேரத்தில் மறைந்தால் யுஎஸ்பியின் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துப் பார்ப்பது நல்லது. முதல் வகைக் கேபிள் ஏஎம்டியின் பி550, எக்ஸ்570 போர்டுகளில் தகராறு செய்தது. அதனால் 2021-இல் திருத்திய கேபிள் வந்தது. அந்த அனுபவமே கேபிளின் மேல் நிரந்தரப் பழியாக நின்றுவிட்டது.

அந்தப் பழிக்கு விலை இருக்கிறது. ஹெட்செட் பக்க முனை தனி வடிவம் என்பதால் கடைக் கேபிள் எதுவும் பொருந்தாது. உதிரிக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்பி, தேடி வாங்கி மாட்டிய பிறகும் 108 அப்படியே நிற்கும். மைக்ரோசாஃப்ட் மிக்ஸ்டு ரியாலிட்டியின் நீக்கத்தை 2023 டிசம்பரில் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் அறிவித்தது. அப்படியொரு பட்டியல் இருப்பதே ஹெட்செட் வாங்கியவருக்குத் தெரியாது. ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு அப்டேட் தானாகவே இறங்குகிறது. பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தரும் அவகாசம் வழக்கமாகப் 10 நாள். கேபிளைத் தேடுவதிலேயே அது கரைந்துவிடும். 23H2-வில் இந்த ஹெட்செட்டுகள் 2026 நவம்பர் வரை ஸ்டீம் வழியே ஓடும் என்று வாக்களித்த நிறுவனமே, ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான 23H2 பாதுகாப்புத் திருத்தங்களை 2025 நவம்பரில் நிறுத்தியது. எந்தக் குறையுமில்லாத கண்ணாடியும் கேமராவும் ஒரு மென்பொருள் முடிவால் குப்பையாவதை ஏற்க முடியாது. அரசு நிறுவனங்களும் கல்லூரிகளும் டெண்டரில் ரெசல்யூஷனைக் கேட்பதோடு நிறுத்தாமல், ரன்டைமை எந்த ஆண்டுவரை யார் ஆதரிப்பார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்காத கொள்முதல் அதிகாரியும் இந்த இழப்புக்குப் பொறுப்பாளிதான்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. 2025-இல் ஸ்டீமில் இலவசமாக வந்த Oasis டிரைவர், மைக்ரோசாஃப்டின் ரன்டைம் இல்லாமலேயே இந்த ஹெட்செட்டுகளை ஸ்டீம்விஆரோடு இணைக்கிறது. என்விடியா கார்டு கட்டாயம். ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைமாக ஸ்டீம்விஆரை வைத்துவிட்டு, `reg query` கட்டளையை மீண்டும் கொடுத்துப் பாதை `steamxr_win64.json` என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே விளையாட்டைத் திறக்க வேண்டும். ஏஎம்டி கார்டு உள்ள கணினியில் இந்த வழி பயன்படாது.