கிரகணத்தை முன்கூட்டியே சொன்னது ஞானக்கண் இல்ல, கோயில் கணக்கேடு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஒவ்வொரு கிரகணத்துக்கும் எங்கள் தொண்டர் குழு வாட்ஸாப்புக்கு ரெண்டு வகைச் செய்தி வந்து கொட்டும். முதல் வகை: "தொலைநோக்கியே இல்லாத காலத்தில் முன்னோர்கள் கண்ணை மூடி உட்கார்ந்து ஞானக்கண்ணால் கிரகணத்தைச் சொன்னார்கள்." ரெண்டாவது வகை: "இன்று இத்தனை மணிக்குக் கிரகணம், இத்தனை மணிக்கு மேல் சாப்பிடாதீர்கள்." எந்த ஊர் மணி என்று ஒரு வார்த்தை இருக்காது.

பார்க்க வேற வேற மாதிரி இருந்தாலும், எங்களுக்கு ரெண்டும் ஒரே தப்பாகத்தான் தெரியுது. கிரகணம் வருவதைப் பழங்காலத்து மனுஷன் எப்படித் தெரிஞ்சுக்கிட்டான் என்று தெரியாததால் வர்ற தப்பு. முதல் செய்தி முன்னோரைப் புகழ்வது போல இருக்கும். உண்மையில் அவர்கள் பட்ட பாட்டை அது அழிச்சுடுது. கண்ணை மூடினாலே தெரிஞ்சிருந்தால், தலைமுறை தலைமுறையாக ராத்திரி கண் விழித்து எழுதி வைத்தவர்கள் எதற்கு?

அப்படி எழுதி வைத்ததில் இன்றைக்கும் கையில் இருக்கிற மிக நீண்ட சான்று பாபிலோனில் இருந்து வந்தது. இப்போதைய ஈராக், யூப்ரட்டீஸ் ஆற்றங்கரை. அங்கே மர்துக் தெய்வத்துக்கு எசாகிலா என்று ஒரு பெரிய கோயில். வானத்தைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு அந்தக் கோயில் சம்பளம் கொடுத்தது. அப்பாவுக்குக் கொடுத்த பங்கை, வேலை தெரிந்த மகனுக்கு மாற்றிக் கொடுத்த ஆவணமே கிடைச்சிருக்கு. அவங்க ஒன்றும் நாத்திகர்கள் இல்லை. கிரகணம் ராஜாவுக்கு ஆபத்து என்று நம்பிப் பரிகாரம் செய்தவர்கள்தான். பயம் இருந்ததால்தான் முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, எழுதி வைப்பது.

ஈரக் களிமண் பலகையில் குச்சியால் குத்தி எழுதினார்கள். கி.மு. 747-இல் இருந்து கிரகணப் பதிவுகள் இருந்ததாகத் தெரியுது. தினப்படிக் குறிப்புகளில் இன்று கிடைக்கிற பழையது கி.மு. 652-ஐச் சேர்ந்தது, கடைசிப் பலகைகள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 600 வருஷம்! ராஜாக்கள் மாறினார்கள், பாரசீகர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், எழுதுற வேலை தொடர்ந்தது. சந்திரன் எங்கே நின்றது, மேகம் மறைத்ததா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பார்லி என்ன விலை, எல்லாமே அதில் உண்டு.

சரி, வெறுமனே எழுதி வைத்தால் கிரகணம் எப்படிப் பிடிபடும்? படிப்படியாகச் சொல்கிறோம்.

சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். ஆனால் எல்லாப் பௌர்ணமியிலும் வராது. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். ரெண்டு பாதையும் வெட்டிக்கொள்கிற இடங்களைத்தான் நம் சோதிடக் கணிதம் ராகு, கேது என்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் பௌர்ணமி நடந்தால் மட்டும் கிரகணம்.

பாபிலோன்காரர்களுக்கு இந்தப் படமே தேவைப்படவில்லை. பட்டியலைப் பார்த்தார்கள். ஒரு கிரகணத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பெரும்பாலும் 6 மாசம் (பௌர்ணமியில் இருந்து பௌர்ணமி வரைக்குமான மாசம்). எப்போதாவது 5 மாசம். இன்னும் கீழே போனால் இன்னொன்று தெரிஞ்சது: 223 மாசம் கழிந்ததும் பட்டியல் திரும்ப முதலில் இருந்து ஓடுது. அதே அளவு மறைப்பு, அதே வரிசை. அந்த 223 மாசத்துக்குள் கிரகணம் வரக்கூடிய பௌர்ணமிகள் 38. அதில் 33 இடைவெளி 6 மாசம், 5 இடைவெளி 5 மாசம். நீங்களே கூட்டிப் பாருங்கள்: 198-ம் 25-ம் சேர்ந்தால் 223. அவர்கள் கிரகணப் பலகைகளை இப்படித்தான் கட்டம் போட்டு அடுக்கினார்கள். ஒரு நெடுவரிசையில் 38 இடம், பக்கத்து நெடுவரிசை 18 வருஷம் தள்ளி. குறுக்கே வாசித்தால் ஒரே கிரகணத்தின் பழைய வரவுகள் எல்லாம் வரிசையாக நிற்கும். அடுத்த நெடுவரிசையில் காலியாக இருக்கிற கட்டம்தான் வரப்போகிற கிரகணம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 223 மாசம் என்பது சரியாக 18 வருஷம் இல்லை. 6585 நாளும், அதற்கு மேல் ஏறக்குறைய 8 மணி நேரமும். அதாவது 18 வருஷம், 10 அல்லது 11 நாள் (இடையில் எத்தனை லீப் வருஷம் என்பதைப் பொறுத்தது), 8 மணி நேரம். இந்த 8 மணி நேரம்தான் விளையாடுவது.

நம்ம ஊரை வைத்தே பார்க்கலாம். 2007 ஆகஸ்ட் 28, சந்திர கிரகணத்தின் உச்சம் மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி மாலை 6:37. இங்கே சந்திரன் உதிக்கும்போதே கிரகணத்தோடுதான் உதித்தது. அதன் அடுத்த வரவு 2025 செப்டம்பர் 8, உச்சம் விடியற்காலை 2:12. நடு ராத்திரியில் தலைக்கு மேலே சந்திரன் சிவந்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கடுத்த வரவு 2043 செப்டம்பர் 19, நம் நேரம் காலை 9:50 அளவில். கிரகணம் நடக்கும், ஆனால் நமக்கு அப்போ பகல், சந்திரன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். 2007-க்கும் 2025-க்கும் நடுவே பத்து நாள் தள்ளியது, 2025-க்கும் 2043-க்கும் நடுவே பதினோரு நாள். ஒவ்வொரு தடவையும் கடிகாரம் ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்தது.

இப்போ யோசிங்க. ஒரே ஊரில் உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் எழுதுகிறவனுக்கு இந்தச் சுற்று சுலபமாகப் பிடிபடுமா? மூன்று வரவில் ஒன்று பகலில் தொலைஞ்சு போகும். இன்னொன்றை மேகம் மறைச்சுடும். அதே மணி நேரத்துக்குத் திரும்பி வர மூன்று சுற்று ஆகணும், அதாவது 54 வருஷமும் ஒரு மாசமும். தாத்தா எழுதியது பேரன் கையில் இருந்தால்தான் இது தெரியும். ஒரு தனி மனுஷனின் தவத்தால், அவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், வந்து சேராத விஷயம் இது.

அதனால்தான் அவர்கள் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. சூரியன் உதிக்க எவ்வளவு நேரம் முன்னால், மறைந்து எவ்வளவு நேரம் கழித்து என்று நேரத்தையும் அளந்து எழுதினார்கள். கணக்குப்படி வந்து கண்ணுக்குத் தெரியாமல் பகலில் கடந்து போனதையும் கட்டத்தில் எழுதினார்கள். மேகம் என்றால் மேகம், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை. பெருமைக்காக ஒரு கட்டத்தில் பொய் எழுதியிருந்தால் பேரனின் கணக்கு கெட்டுப் போயிருக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. சுற்று கச்சிதமாகப் பொருந்தாது, ஒவ்வொரு வரவிலும் சந்திரன் நிழலில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சுமார் 70 வரவுக்குப் பிறகு, பன்னிரண்டு பதிமூன்று நூற்றாண்டில், ஒரு தொடர் மெலிந்து முடிஞ்சு போகும், வேறொன்று முளைக்கும். சூரிய கிரகணத்தில் இன்னும் கஷ்டம். சந்திர கிரகணம் ராத்திரியாக இருக்கிற பாதி உலகத்துக்கும் தெரியும். சந்திரனின் நிழலோ பூமியில் சிறிய பட்டையாகத்தான் விழும். அதனால் "இந்த அமாவாசையில் வரலாம், பார்" என்பதற்கு மேல் பாபிலோன்காரர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரவில்லை என்றால் அதையும் எழுதி வைத்தார்கள்.

"அது அந்நியர் கதை, நம்ம வழி வேற" என்று சிலர் சொல்வீர்கள். வழி கொஞ்சம் வேறதான், ஒப்புக்கொள்கிறோம். நம் பஞ்சாங்கம் பழைய கிரகணப் பட்டியலைப் புரட்டாது, சூரியன், சந்திரன், ராகு இருக்கிற இடத்தைக் கணித்து வரும். ஆனால் அதுவும் ஞானக்கண் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் ஓடுகிற சுற்று ஒன்பது முடிந்தால் 248 நாள். அதே 248 நாள் சுற்று பாபிலோன் பலகைகளிலும் இருக்கு. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர், தரையில் சோழி வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, அந்த வருஷம் மே 31 ராத்திரி வந்த சந்திர கிரகணத்தை வாரன் என்ற அதிகாரிக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52 நிமிஷம் பிசகு. அந்தப் பிசகும் பதிவாகியிருக்கு. சோழியை எண்ணிக் கணக்குப் போட்ட அந்த மனுஷனை "தியானத்தில் கண்டார்" என்று சொன்னால் அது புகழ்ச்சியா, அவமதிப்பா?

இப்போ அந்த ரெண்டாவது செய்திக்கு வருகிறோம். 2025 கிரகணம் தமிழ்நாட்டில் செப்டம்பர் 7 இரவு 9:57-க்குத் தொடங்கியது. அதே நொடி நமக்கு செப்டம்பர் 8, நள்ளிரவு தாண்டி 12:27. தேதியே வேற. இந்தியப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே இங்கே பகிர்ந்தால், நடை சாத்துவது, சாப்பாடு, குளியல் எல்லாமே ரெண்டரை மணி நேரம் முன்னால் போய்விடும். 2043-இல் நமக்குத் தெரியவே தெரியாத கிரகணத்துக்கும் யாராவது ஒரு மணியை அனுப்பத்தான் போகிறார்கள்.

களிமண்ணில் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருந்தது, கிரகணம் நடப்பது வேற, அது இந்த ஊரில் இந்த நேரத்தில் தெரிவது வேற என்று. 2,500 வருஷம் கழித்து, கையில் போனை வைத்துக்கொண்டு நாம் அதை மறக்கலாமா?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த கிரகணச் செய்தியைப் பகிர்வதற்கு முன் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எந்த ஊர், எந்த ஊர் மணி, அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியுமா. மூன்றும் இல்லை என்றால் அனுப்பாதீர்கள், குருக்களிடமோ கோயில் அலுவலகத்திலோ கேளுங்கள். முன்னோருக்கு மரியாதை செய்யணும் என்றால் அவர்கள் செய்ததைச் செய்வோம்: பார்த்ததைப் பார்த்தபடி, ஊரும் நேரமும் போட்டு எழுதுவோம்.