பெரிய கஸ்டமர் லாபமான கஸ்டமரா?

எங்கள் வகுப்புக்கு ஒருமுறை பாடம் எடுக்க வந்த செலவுக் கணக்கு ஆலோசகர் ஒருவர், பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். செயல்பாடு சார்ந்த செலவுக் கணக்கீடு (சுருக்கமாக ஏபிசி) வந்தபின் "எந்த வாடிக்கையாளரால் நமக்கு லாபம்" என்ற பார்வையே எப்படி மாறியது என்று விளக்கியிருந்தார். அதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியில்தான் எனக்குச் சண்டை.

அவர் சொன்ன கணக்கு இது. அ, ஆ என்று இரண்டு வாடிக்கையாளர்கள். இருவரும் வருடத்துக்கு ஆளுக்கு 10 லட்ச ரூபாய்க்கு சரக்கு வாங்குகிறார்கள். சரக்கின் அடக்க விலை 7 லட்சம். ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, அனுப்புவது போன்ற மற்ற செலவுகள் இருவருக்கும் சேர்த்து 4 லட்சம். பழைய முறையில் இதை விற்பனை விகிதத்தில் பிரிப்பார்கள். ஆளுக்கு 2 லட்சம். ஆக இருவருமே 1 லட்சம் லாபம் தரும் நல்ல பிள்ளைகள்!

ஆனால் அ வருடத்தில் போட்டது 10 ஆர்டர்தான், எல்லாம் கையிருப்பில் இருக்கும் சரக்கு. ஆ போட்டது 150 ஆர்டர். அதில் 40 கையிருப்பில் இல்லாத, தனியாகச் செய்து தர வேண்டிய ரகம். அந்த 4 லட்சத்தில் 2,40,000 ஆர்டர் வேலைக்கும், 1,60,000 இந்த ஸ்பெஷல் ரகங்களுக்கும் போகிறது. அதாவது ஆர்டருக்கு 1,500, ஸ்பெஷலுக்கு மேலும் 4,000. இப்போது கூட்டினால் அ-வால் 2,85,000 லாபம், ஆ-வால் 85,000 நஷ்டம். மொத்த லாபம் அதே 2 லட்சம்தான், ஒரு பைசா மாறவில்லை. யார் தந்தது என்பதுதான் மாறியது.

இது வெறும் பாடப்புத்தகக் கற்பனை இல்லை. ஸ்வீடனில் கந்தால் என்று மின்சார அடுப்புக் கம்பிகள் செய்யும் கம்பெனி. 1980களில் அவர்கள் இப்படிக் கணக்குப் போட்டதை ஹார்வர்டின் ராபர்ட் காப்லன் ஒரு கேஸ் ஸ்டடியாக எழுதினார். அவர்களின் ஸ்வீடன் வாடிக்கையாளர்களில் 40 சதவீதம் பேர்தான் லாபம் தந்தார்கள், அதுவும் மொத்த லாபத்தைப் போல இரண்டரை மடங்கு. மிச்சப் பேர் அதைத் தின்று தீர்த்தார்கள். மிக மோசமானவர்களில் இருவர், விற்பனைத் தொகையில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவர்கள்! சின்ன கஸ்டமருக்கு இவ்வளவு பெரிய நஷ்டம் உண்டாக்கத் தெம்பு கிடையாது, பெரியவர்களால்தான் முடியும். யோசித்தால் புரிகிறது, ஆனாலும் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

சரி, சண்டைக்கு வருவோம். "எனவே ஆ போன்றவர்களைக் கழற்றிவிடுவதே மேல்" என்று மின்னஞ்சலை முடித்திருந்தார். கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆ-விடமிருந்து வந்த 3 லட்சம் (விற்பனையில் அடக்க விலை போக) உடனே போய்விடும். ஆனால் பில் போடுகிறவரின் சம்பளம், குடோன் வாடகை எல்லாம் அடுத்த மாதமும் கேட்கும். அந்த 4 லட்சம் அப்படியே நின்றால், அ தரும் 3 லட்சத்தில் அதைச் சமாளிக்க வேண்டும். 2 லட்சம் லாபம் பார்த்த கடை 1 லட்சம் நஷ்டத்தில் நிற்கும். ஆ-வால் உண்டாகும் வேலை குறைந்தால் மட்டும் செலவு குறையாது. ஆளையோ இடத்தையோ குறைக்க வேண்டும், இல்லை, மிச்சமான நேரத்துக்கு வேறு வேலை பிடிக்க வேண்டும்.

கந்தால் தலைவர் ரிடர்ஸ்ட்ராலே இந்தக் கணக்கை ஆரம்பித்ததே, விற்பனை அலுவலக ஆட்களைக் கூட்டாமல் வியாபாரத்தை வளர்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அங்கே மிச்சமாகும் நேரத்துக்குப் போக இடம் இருந்தது. அப்படி இல்லாத இடத்தில் ஆ-விடம் பேசுவதுதான் புத்திசாலித்தனம். வாரம் மூன்று முறை ஆர்டர் போடுவதை ஒன்றாக்கலாம், ஸ்பெஷலுக்குத் தனி விலை கேட்கலாம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த 1,500 எங்கிருந்து வந்தது? வழக்கமாக ஊழியர்களிடம் "உங்கள் நேரம் எதெதற்குப் போகிறது" என்று கேட்டு விகிதம் வாங்குவார்கள். யாராவது "கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன் சார்" என்று சொல்வார்களா? கூட்டினால் எப்போதும் நூறு வரும். காப்லனும் ஆண்டர்சனும் 2004-ல் நேரத்தை அடிப்படையாக வைத்த மாற்று முறையை எழுதியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே ஆட்களால் 160-க்குப் பதில் 240 ஆர்டர் பார்க்க முடியும் என்று வையுங்கள். ஆர்டருக்கு 1,000தான். ஆ-வின் நஷ்டம் 85,000-லிருந்து 10,000 ஆகச் சுருங்கிவிடும். மிச்சம் 80,000 சும்மா இருந்த நேரத்தின் விலை. அது நிர்வாகத்தின் கணக்கில் வர வேண்டியது, எந்த வாடிக்கையாளர் தலையிலும் இல்லை.

அவர் ஆளைக் கழற்றிவிடச் சொன்னது அந்த 85,000-ஐ நம்பித்தான். 1,500-ஐ எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.