சொச்ச நாளுக்கு முழு மாத வட்டியா?

திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மணிலா மூட்டைகள் வந்து இறங்கும் நாட்கள், ஊருக்குள் புரோநோட்டுக் கடன்கள் தீரும் நாட்களும்கூட. தை மாதம் களையெடுப்புக்கும் உரத்துக்கும் பக்கத்து வீட்டில் வாங்கிய பணம், காய் விற்ற கையோடு திரும்பப் போகிறது. வாங்கிய தேதியிலேயே கொண்டுபோய்க் கொடுக்க யாராலும் முடிவதில்லை. அறுவடையும் காய்ச்சலும் எடையும் விலையும்தான் அந்த நாளை முடிவு செய்கின்றன. அதனால் எந்தக் கடனும் முழு மாதக் கணக்கில் முடிவதில்லை. ‘மூணு மாசமும் சொச்சமும்’ என்றுதான் முடிகிறது. தகராறு வருவது அந்தச் சொச்சத்தில்தான்.

கடையில் விற்கும் அச்சடித்த நோட்டில் ‘மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ரூபாய் இவ்வளவு வட்டி’ என்று எழுதிக்கொள்ள இடம் விட்டிருப்பார்கள். வெள்ளைத் தாளில் கையால் எழுதுகிறவர்களும் அதே வாசகத்தைத்தான் எழுதுகிறார்கள். மாதம் முடியாமல் பணம் வந்தால் என்ன கணக்கு என்று ஒரு வரியும் இருக்காது. அந்த இடத்தை ஊர் வழக்கம் நிரப்புகிறது. மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி என்பது ஒரு வழக்கம். 15 நாளுக்குள் என்றால் அரை மாதம், தாண்டினால் முழு மாதம் என்பது இன்னொன்று. இரண்டையும் கைவிட்டு, நாள் கணக்குக்கு வர வேண்டும் என்பதே நம் நிலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரி 20 அன்று ஒருவர் 50,000 ரூபாய் வாங்குகிறார். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். ஊர்ப் பேச்சில் ‘ஒரு வட்டி’, ஆண்டுக்கு 12 விழுக்காடு. மே 3 அன்று திருப்பிக் கொடுக்கிறார். ஜனவரியில் 11 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 3. மொத்தம் 103 நாள். அசலை வட்டி வீதத்தாலும் நாட்களாலும் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் போதும், செல்பேசியிலேயே விடை கிடைத்துவிடும்:

50000 × 12 × 103 ÷ 36500 = 1693.15

அரை மாத வழக்கப்படி இதே கடனுக்கு வட்டி 1,750 ரூபாய். முழு மாத வழக்கப்படி 2,000 ரூபாய். மூன்று மாதம் போக மீதி 13 நாள்தான். அதற்கு நான்காவது மாதம் முழுவதுக்கும் வட்டி போகிறது. நோட்டில் 12 விழுக்காடு என்று இருந்தாலும், உண்மையில் கொடுத்தது ஆண்டுக்கு 14.17 விழுக்காடு.

கடன் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறதோ, இந்த வழக்கம் அவ்வளவு கடுமையாகக் கடிக்கும். அதே ஆள் பிப்ரவரி 22 அன்றே பணத்தைக் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். 33 நாளுக்கு நியாயமான வட்டி 542 ரூபாய் 47 காசு. முழு மாத வழக்கத்தில் இரண்டு மாதத்துக்கு 1,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 22 விழுக்காட்டுக்கு மேல். இதைத் தெரிந்தவர் என்ன செய்வார்? எப்படியும் முழு மாத வட்டிதானே என்று மார்ச் 20 வரை பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். அதற்குள் வீட்டில் வேறு செலவு வந்துவிட்டால் அசலும் நிற்கும். பொறுப்பாக முன்கூட்டி வந்தவரைத் தண்டிக்கும் இந்த வழக்கம், கடைசியில் கடன் கொடுத்தவரின் அசலுக்கே ஆபத்து.

சட்டமும் இந்த வழக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. நோட்டில் வீதம் எழுதியிருந்தால் அந்த வீதப்படி, பணம் திரும்பும் வரை அசலுக்கு வட்டி என்பதே 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 79ஆம் பிரிவின் சாரம். 13 நாளுக்கு ஒரு மாத வட்டி வாங்கினால் அது எழுதிய வீதம் அல்ல. தமிழ்நாட்டில் ஈடில்லாத கடனுக்கு அரசு வைத்திருக்கும் உச்ச வீதம் ஆண்டுக்கு 12 விழுக்காடு. அதை மீறி வாங்குவதை 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அதிக வட்டி என்கிறது. ஊரில் இரண்டு வட்டி, மூன்று வட்டி சகஜமாக நடக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆனால் வரம்புக்குள் நின்று ஒரு வட்டிக்குக் கொடுத்த யோக்கியரையும் இந்தச் சொச்ச நாள் கணக்கு வரம்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

வங்கிகளிலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. சேமிப்புக் கணக்கில், மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்சத் தொகைக்கு மட்டுமே வட்டி போட்டார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. பெரிய பேரேடுகளைக் கையால் எழுதிய காலத்தில் நாள் கணக்கு சிரமம் என்று சொல்ல முடிந்தது. ஒரே ஒரு நோட்டுக்கு அந்தச் சாக்கு இன்று செல்லாது.

நாட்களை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொடுத்த நாளையும் வாங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் 103 நாள் 104 ஆகிவிடும். இன்று கொடுத்து நாளை வாங்கினால் ஒரு நாள்தானே. அந்த அளவுகோலே போதும். கொடுத்த நாளை விட்டுவிட்டு, திரும்பி வந்த நாளைச் சேர்க்க வேண்டும். நோட்டின் தவணை நாளைக் கணக்கிடும்போது எழுதிய தேதியை விட்டுவிடச் சொல்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. வட்டிக்கும் அதையே பின்பற்றுவது பொருத்தம். லீப் ஆண்டில் 366-ஆல் வகுப்பதா என்றும் கேட்பார்கள். மேலே பார்த்த 50,000 ரூபாய் கடனில் அதனால் வரும் வித்தியாசம் நாளுக்கு 5 காசுகூட இல்லை. எப்போதும் 365 என்று எழுதிக்கொண்டால் பேச்சு முடிந்தது.

அக்கம்பக்கத்தில் பழகுகிறவர்கள் காசு கணக்குப் பார்க்கலாமா என்பது ஒரு வாதம். பார்க்காததால்தான் மனக்கசப்பு வருகிறது. 1,693 ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு, கொடுப்பவர் 1,700 ஆக்கிக் கொடுக்கலாம். வாங்குபவர் 1,600 போதும் என்று விட்டுத்தரலாம். அது அவரவர் பெருந்தன்மை. கணக்குக்குள்ளேயே 300 ரூபாயை ஏற்றிவைப்பது அப்படியல்ல.

இன்னொரு வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாதி மாதத்தில் பணம் திரும்பினால் அதை உடனே வேறிடத்தில் போட முடியாது, மீதி நாள் சும்மா கிடக்கும் என்கிறார்கள் கடன் கொடுப்பவர்கள். அப்படியானால் குறைந்தபட்சம் இத்தனை நாள் வட்டி உண்டு என்று முதலிலேயே எழுதிவிடட்டும். வாங்குபவர் அதைப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுவார். எழுதாத நிபந்தனையைப் பணம் திரும்பும் நாளில் சொல்வதுதான் தவறு. அப்போதும் சட்டம் வைத்த உச்சத்தைத் தாண்டக்கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கும் முன், நோட்டில் ஒரு வரி சேருங்கள். அந்த 50,000 ரூபாய் கடனுக்கு அது இப்படி இருக்கும்: “வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஆண்டுக்கு 365 நாள் என்று வைத்து, கடன் வாங்கிய நாள் நீங்கலாக, திருப்பிக் கொடுக்கும் நாள் உட்பட நாள் கணக்கில் தனிவட்டி, நாள் ஒன்றுக்கு 16 ரூபாய் 44 காசு.” நாள் வட்டியைத் தொகையாகவே எழுதிவிட்டால், கணக்குத் தெரியாதவரும் ஏமாற மாட்டார். இடையில் அசலில் ஒரு பகுதி வந்தால், நோட்டின் பின்பக்கம் தேதியுடன் வரவு வைத்து, கடன் வாங்கியவரின் கையெழுத்தோடு புதிய நாள் வட்டியையும் எழுத வேண்டும். நோட்டு அச்சிடும் அச்சகங்களும் பத்திர எழுத்தர்களும் இந்த வரியைப் படிவத்திலேயே சேர்க்க வேண்டும். விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கிராமங்களில் நடத்தும் முகாம்களில் இதை எழுதிக்காட்ட வேண்டும். பணம் இருந்த நாளுக்கு வட்டி கொடுப்பது கடமை. இல்லாத நாளுக்கு வட்டி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.